வரிசை எங்கே பதிவாகிறது?

மாநாடு முடிந்ததும் நுழைவுச்சீட்டு ஸ்கேன் பதிவை எக்செல்லில் ஏற்றி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு பட்டையாக வரைபடம் போடுவது அமைப்பாளர்களின் வழக்கம். உயரமான பட்டைதான் கூட்டம் வந்த நேரம் என்று முடிவு கட்டி, அடுத்த ஆண்டுக்கு ஆள் போடுவார்கள். கணக்கு தப்புவது அங்கேதான். ஸ்கேனருக்குத் தெரிவது ஆள் வாசலைத் தாண்டிய நேரம் மட்டுமே. அதற்குமுன் அவர் எவ்வளவு நேரம் நின்றார் என்பது அதற்குத் தெரியாது.

ஆனாலும் வரிசை தடயம் விடும். காலை 8 மணிக்கு வாசல் திறந்து, 9.30க்கு நிகழ்ச்சி தொடங்கும் ஒரு மாநாட்டை எடுத்துக்கொள்வோம். நான்கு மேசைகள்; ஆளுக்கு 20 விநாடி. அப்படியானால் நிமிடத்துக்கு 12 பேர், ஐந்து நிமிடத்துக்கு 60 பேர்தான் உள்ளே போக முடியும். 8.50 முதல் பட்டைகள் 59, 60, 60, 58 என்று மொட்டையாக வெட்டினாற்போல் நிற்கின்றன. வருகை இப்படிச் சீராக இருக்காது. மேசைகள் திணறியதன் அடையாளம் இது.

வரிசையின் நீளம் தெரிந்தால் மீதியைக் கணக்கிடலாம். 9.10 மணிக்கு யாரோ எடுத்த படத்தில் 150 பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். 8.50 வரை 160 பேர் போயிருந்தார்கள், அப்போது வரிசை இல்லை, 9.10க்குள் சுமார் 400 பேர். போனவர்களும் நிற்பவர்களும் சேர்ந்து சுமார் 550. ஆக, அந்த 20 நிமிடத்தில் வந்தவர்கள் சுமார் 390 பேர், நிமிடத்துக்குச் சுமார் 20. ஒரு மேசைக்கு நிமிடத்துக்கு மூன்று பேர் என்றால், அந்த நேரத்துக்கு ஏழு மேசைகள் வேண்டும்.

வாசலை முன்னதாகத் திறக்க வேண்டுமா? முதல் பட்டையே 60 என்று நின்று, அடுத்தவை பத்து, பதினொன்று என்று சரிந்தால், திறக்கும் முன்பே ஆட்கள் காத்திருந்தார்கள் என்று பொருள். 7.45க்கு இரண்டு மேசைகளைப் போட்டால் போதும், மற்றவர்கள் 8.45க்கு வரட்டும்.

பதிவையும் கண்மூடி நம்பக்கூடாது. இணையம் அறுந்து மீண்டால், சில மென்பொருள்களில் தேங்கிய ஸ்கேன்கள் எல்லாம் ஒரே விநாடியில் ஏறிவிடும். ஒரே விநாடியில் எண்பது பேர் நுழைந்ததாகக் கண்டால், அந்தப் பகுதியை ஒதுக்கிவிடுவதே மேல்.

போன ஆண்டு எடுபட்ட திட்டம் இந்த ஆண்டும் எடுபடும் என்பதற்கும் உத்தரவாதமில்லை. இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் 1988இல் லிவர்பூல், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிகள் மோதின. 1989இல் அதே அணிகள், அதே இடம். காவல் திட்டமும் பெரும்பாலும் பழையதுதான். 10,100 பேருக்கு ஏழு சுழல்வாயில்கள். ஒவ்வொன்றிலும் மணிக்கு 750 பேர் போவார்கள் என்று தாராளமாகப் போட்டாலும், கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் பிடிக்கும். அன்று பலர் கடைசி அரைமணியில் வந்தார்கள். வெளி நெரிசலைத் தணிக்கப் பெரிய கதவைத் திறந்தார்கள். உள்ளே ஏற்பட்ட நெரிசலில் 97 பேர் உயிரிழந்தார்கள்.

ஆகவே இந்த ஆண்டே ஒருவரை வாசலுக்கு வெளியே நிறுத்துங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரிசையில் எத்தனை பேர் என்று எண்ணி, நேரத்தோடு குறித்து வைக்கட்டும்.