கூட்டம் கலையும் முன் சரிபார்க்க வேண்டிய கணக்கு

மகளிர் சுய உதவிக் குழுவின் மாதக் கூட்டத்தில் பணம் பல உருவில் வந்து சேர்கிறது. ஒருவர் 750 ரூபாயை ஊக்குநர் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவார். அதில் 200 ரூபாய் இம்மாதச் சேமிப்பு, 500 ரூபாய் கடனின் அசல் தவணை, 50 ரூபாய் வட்டி. மூன்றும் ஒரே கட்டாக வந்தாலும், குழுவின் கணக்கில் போய்ச் சேரும் இடங்கள் வேறு வேறு. சேமிப்பு அவருடைய பணம். குழு அதற்குப் பொறுப்பாளி. அசல், குழு கொடுத்தது திரும்பி வருவது. வட்டி மட்டும்தான் குழுவின் வருமானம். கூட்டத்தில் எழுதும் அட்டவணையின் முதல் வேலை இந்த மூன்றையும் பிரித்து வைப்பதுதான்.

தமிழ்நாட்டில் இக்குழுக்கள் 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கின. அன்றிலிருந்து கணக்குப் புத்தகங்களின் வடிவம் பலமுறை மாறியிருக்கலாம். அடிப்படைப் பத்திகள் மட்டும் மாற வழியில்லை. 12 பேர் கொண்ட ஒரு குழுவை எடுத்துக்கொள்வோம். மாதச் சேமிப்பு 200 ரூபாய். உள்கடனுக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. இக்கணக்கு விளக்கத்துக்காக நான் அமைத்தது.

| உறுப்பினர் எண் | சேமிப்பு | முந்தைய கடன் நிலுவை | கட்டிய அசல் | வட்டி | புதுக் கடன் | இன்றைய நிலுவை |
|---|---|---|---|---|---|---|
| 3 | 200 | 5,000 | 500 | 50 | 0 | 4,500 |
| 7 | 200 | 0 | 0 | 0 | 6,000 | 6,000 |
| 9 | 0 | 3,000 | 0 | 0 | 0 | 3,000 |
| மற்ற 9 பேர் | 1,800 | 12,000 | 1,600 | 120 | 0 | 10,400 |
| மொத்தம் | 2,200 | 20,000 | 2,100 | 170 | 6,000 | 23,900 |

நிஜப் புத்தகத்தில் ஒன்பது பேருக்கும் தனித்தனி வரி இருக்கும். முந்தைய நிலுவையில் கட்டிய அசலைக் கழித்து, புதுக் கடனைக் கூட்டினால் இன்றைய நிலுவை கிடைக்கும். ஒவ்வொரு வரியிலும் இப்படிப் போட்டபின், மொத்த வரியிலும் அதையே போட்டுப் பார்க்க வேண்டும்: 20,000-இல் 2,100 போக, 6,000 சேர்த்தால் 23,900. கடைசிப் பத்தியை மேலிருந்து கீழே கூட்டினாலும் அதே 23,900 வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு வரியில் பிழை. எல்லோரும் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அதைக் கண்டுபிடிப்பது எளிது. மறுநாள் வீட்டில் துண்டுச்சீட்டைப் பார்த்து எழுதும்போது யாரிடம் கேட்பது?

அடுத்தது ரொக்கம். சென்ற கூட்டத்தின் கையிருப்பு 1,830 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இன்று வரவு 2,200, 2,100, 170 சேர்த்து 4,470. ஆக 6,300. கடன் கொடுத்தது 6,000. மீதி 300 ரூபாய் பாயின் மேல் இருக்க வேண்டும். தாளில் உள்ளதை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு எண்ணுவதைவிட, ஒருவர் எண்ணி முடித்தபின் தாளைப் படிப்பது நல்லது. எண்ணுபவரின் கை அப்போது எந்தத் தொகையையும் தேடிப் போகாது.

அடிக்கடி நேரும் பிழை, 3-ஆம் எண் உறுப்பினர் கடனுக்குத் தந்த 550 ரூபாயையும் அசல் பத்தியிலேயே எழுதிவிடுவது. நிலுவை 4,450 ஆகிவிடும். கூட்டல் தவறாது, ரொக்கமும் தவறாது. ஆனால் குழுவின் வருமானத்தில் 50 ரூபாய் மறைந்துவிட்டது. மாதம் 500 வீதம் பத்து மாதம் கட்டும் இந்தக் கடனுக்கு, குறைந்துவரும் நிலுவைப்படி மொத்த வட்டி 275 ரூபாய். அது சேமித்த எல்லோருக்கும் பொதுவான பணம். வட்டிப் பத்தி காலியாக, அசல் பத்தியில் 550, 545 என்று உடைந்த தொகைகள் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது.

9-ஆம் எண் உறுப்பினர் இன்று வரவில்லை. அவர் வரியில் சுழி போடுவது சரி. ஆனால் சுழி, எவ்வளவு வர வேண்டியிருந்தது என்று சொல்லாது. அருகில் ‘பாக்கி’ என்று ஒரு பத்தி வைத்து, சேமிப்பு 200, அசல் 300, வட்டி 30 என்று எழுதிவிட்டால் அடுத்த மாதம் பேச ஆதாரம் இருக்கும். அது இல்லாத குழுவில் தவறிய தவணை மெல்ல மறந்தே போகும்.

அட்டவணையால் பிடிக்க முடியாத ஒன்றும் உண்டு. பல மாதம் கட்டாதவருக்காக, 3,000 ரூபாயையும் கட்டிவிட்டதாக எழுதி, அன்றே அவருக்கு 3,000 ரூபாய் புதுக் கடன் தந்ததாகவும் எழுதுவார்கள். இதைப் புத்தகச் சரிக்கட்டு என்று சொல்லலாம். வரவிலும் செலவிலும் ஒரே தொகை ஏறுவதால் நிலுவையும் ரொக்கமும் கச்சிதமாகப் பொருந்தும். பாக்கி மறைந்து, தவறாமல் கட்டும் குழு என்ற தோற்றம் கிடைக்கும். கடன் கேட்டு வங்கிக்குப் போகும்போது அந்தத் தோற்றம் பயன்படும் என்பதால் இந்த ஆசை வருகிறது. அப்படித் தோற்றம் காட்டி வாங்கும் கடனைத் திருப்ப, ஒழுங்காகக் கட்டும் மற்றவர்கள்தான் சுமக்க நேரிடும். அதனால்தான் இதைச் சிறிய தவறாக என்னால் எண்ண முடியவில்லை. அடையாளம் எளிது: ஒரே நாளில், ஒரே வரியில், முழு அசலும் அதற்கு ஈடான புதுக் கடனும். அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் அந்த உறுப்பினரிடமே கேட்கலாம், “அன்னைக்கு மூவாயிரம் கட்டுனீங்களாக்கா?” என்று. அவருடைய பாஸ்புத்தகத்தையும் வாங்கிப் பார்த்துவிட வேண்டும்.