கம்பெனி வேற, நீங்க வேற... எதுவரைக்கும்?

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் போயிருக்கீங்களா? கொலு பொம்மை ஒரு பக்கம், கரண்ட் பெட்டியில மாட்டுற பீங்கான் ஃபியூஸ் கேரியர் இன்னொரு பக்கம். நீங்களும் உங்க ரூம்மேட்டும் படிப்பு முடிச்சு அங்கே ஒரு யூனிட் போடுறீங்கன்னு வச்சுக்குவோம். ஆளுக்கு அம்பதாயிரம் போட்டு ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதிவு பண்றீங்க. களிமண் சப்ளை பண்றவருக்கு எட்டு லட்சம் பாக்கி. சூளை சரியா வரல, சரக்கு விரிசல் விட்டுப்போச்சு, கம்பெனி படுத்துடுச்சு. களிமண்காரர் உங்க அப்பாவோட வீட்டு வாசல்ல வந்து நிக்க முடியுமா?

முடியாது. கடன் வாங்கினது நீங்க இல்லை, கம்பெனி. சட்டத்தின் கண்ணில் கம்பெனி ஒரு தனி ஆள். அது தன் பெயரில் சொத்து வாங்கும், வழக்குப் போடும், கடன்படும். பங்குக்காக நீங்க போட்ட அம்பதாயிரம் போகும், அவ்ளோதான்.

இதை அழுத்தமாகச் சொன்ன வழக்கு 1897-இல் லண்டனில் தீர்ந்தது. சாலமன் என்பவர் பூட்ஸ் வியாபாரி. தன் கடையைத் தானே தொடங்கிய ஒரு கம்பெனிக்கு விற்றார். மொத்தம் 20,007 பங்குகள். அதில் 20,001 அவருடையது, மீதி ஆறும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று. விலையில் ஒரு பகுதியாக, 10,000 பவுண்டுக்கு கம்பெனியின் சொத்தையே அடமானமாகக் கொண்ட கடன் பத்திரமும் வாங்கிக்கொண்டார். கம்பெனி நொடித்தது. கடன் பத்திரத்துக்குத்தான் முன்னுரிமை என்பதால் சாதாரணக் கடன்காரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. "எல்லாமே சாலமன்தானே, அவரே கட்டட்டும்" என்று கேட்டார்கள். கீழே இரண்டு நீதிமன்றங்கள் அதற்குத் தலையாட்டின. பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. முறைப்படி பதிவானால் கம்பெனி வேற, சாலமன் வேற.

அப்போ கம்பெனிங்கிற திரைக்குப் பின்னாடி நின்னு என்ன வேணாலும் செய்யலாமா? இந்தக் கேள்விக்கு நம்ம ஊர்ப்பக்கமே ஒரு நல்ல வழக்கு இருக்கு.

மதுரை தியாகராஜர் இன்ஜினியரிங் காலேஜை நமக்கெல்லாம் தெரியும். அதைத் தொடங்கிய கருமுத்து தியாகராஜ செட்டியார்தான் மீனாட்சி மில்ஸ், பாங்க் ஆஃப் மதுரை இரண்டுக்கும் பின்னால் இருந்தவர். வழக்கில் மீனாட்சி மில்ஸோடு இன்னும் இரண்டு மில்களும் இருந்தன. பாங்க்கின் பங்குகள் பெரும்பாலும் அவர், அவர் குடும்பம், இந்த மில்கள் கையில்தான்.

அப்போது மதுரை பிரிட்டிஷ் இந்தியா. புதுக்கோட்டை தனி சமஸ்தானம். சமஸ்தானத்தில் கிடைத்த வருமானம் அங்கேயே இருந்தால் இங்கே வரிவிலக்கு உண்டு. ஆனால் 1922-ஆம் வருட வருமான வரிச் சட்டத்தில் ஒரு கொக்கி இருந்தது. வட்டிக்குக் கொடுத்த பணமே பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டால், அதன் வட்டி இங்கேயே விளைந்ததாகக் கணக்கு.

மில்கள் பாங்க்கின் புதுக்கோட்டைக் கிளையில் பணத்தை டெபாசிட் செய்தன. வட்டி அங்கே ஏறியது. அதே பாங்க்கின் மதுரை அலுவலகத்தில், அந்த டெபாசிட்டையே ஈடாகக் காட்டிக் கடன் வாங்கின. புதுக்கோட்டைக் கிளை தன் பணத்தை மதுரைக்கு அனுப்பியது. பணம் ஒரு சுற்று சுற்றி மில்லுக்கே வந்துவிட்டது, வட்டி மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கம்!

மில்களின் வாதத்தைக் கொஞ்சம் மதிச்சுக் கேளுங்க, அது ஒண்ணும் லேசான வாதம் இல்லை. பாங்க் ஒரு தனிக் கம்பெனி. டெபாசிட் போட்டதோடு எங்க வேலை முடிஞ்சது. பாங்க் அந்தப் பணத்தை எங்கே கொண்டுபோனால் எங்களுக்கென்ன? மதுரையில் வாங்கின கடன் வேறொரு கணக்கு. சாலமன் வழக்கை அப்படியே பிடித்தால் இது சரிதான். சென்னை உயர் நீதிமன்றமும் மில்கள் பக்கம்தான் நின்றது.

உச்ச நீதிமன்றம் 1966-இல் மாற்றிச் சொன்னது. டெபாசிட்டும் கடனும் தனித்தனி நடவடிக்கை இல்லை, ஆரம்பத்திலேயே சேர்த்துப் போட்ட ஒரே ஏற்பாடு. இரண்டு பக்கமும் உட்கார்ந்து முடிவெடுத்தது ஒரே ஆள். வரியிலிருந்து நழுவ கம்பெனி என்ற வடிவம் பயன்படும்போது, அந்த முகத்திரையை விலக்கி உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம் என்றது.

இங்கே பலரும் தவறவிடுற விஷயம் ஒண்ணு இருக்கு. திரையை விலக்கினதால பாங்க் செத்துப்போகல. அந்த வட்டிக்கு வரி உண்டா என்ற ஒரே கேள்விக்காக மட்டும் விலக்கினாங்க. மற்ற எல்லாத்துக்கும் பாங்க் தனி ஆளாவே இருந்தது. 2001-இல் ஐசிஐசிஐ பாங்க்கோடு சேரும்வரை தொழிலும் நடத்தியது.

வரி மட்டும்தான் காரணம்னு நினைக்காதீங்க. குஜராத் பவநகரில் ஒரு ரப்பர் கம்பெனி, தன்னிடம் இருந்த வேறொரு கம்பெனியின் பங்குகளை, இதற்கென்றே உண்டாக்கிய துணை நிறுவனத்துக்கு மாற்றியது. அந்தத் துணை நிறுவனத்துக்கு வேறு சொத்தும் கிடையாது, தொழிலும் கிடையாது. டிவிடெண்ட் அங்கே போனதால் தாய்க் கம்பெனியின் லாபம் குறைந்தது, தொழிலாளர் போனஸ் 16 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக இறங்கியது. 1985-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் துணை நிறுவனத்தைக் கண்டுகொள்ளாமல், டிவிடெண்டையும் சேர்த்துப் போனஸ் கணக்குப் போடச் சொன்னது.

ஆனா தொழிலாளர் கேட்டா எப்பவும் திரை விலகிடும்னு இல்லை. ஏர் இந்தியா கேன்டீனை அதன் முழுச் சொந்தத் துணை நிறுவனமான ஹோட்டல் கார்ப்பரேஷன் நடத்தியது. கேன்டீன் ஊழியர்கள் தங்களை ஏர் இந்தியா ஊழியர்களாக அறிவிக்கக் கேட்டார்கள். 2014-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. பங்கு முழுக்க ஒருவரிடம் இருப்பதோ, கட்டுப்பாடு அவர் கையில் இருப்பதோ மட்டும் போதாது. பொறுப்பைத் தட்டிக்கழிக்கவே அந்தக் கம்பெனி வடிவம் தவறாகப் பயன்பட்டது என்று காட்டணும். எனக்கு அந்த ஊழியர்கள் மேல் வருத்தம் உண்டு. ஆனால் ரப்பர் கம்பெனியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியுது. அங்கே இருந்தது வெறும் பெயர்ப்பலகை, இங்கே உண்மையிலேயே தொழில் நடத்திய நிறுவனம்.

இப்போ உங்க விருத்தாசலம் யூனிட்டுக்குத் திரும்புவோம். தொழில் நட்டமானது மட்டுமே திரையை விலக்கக் காரணம் ஆகாது. ஆனால் சூளையை அணைக்கப்போறோம்னு முடிவு பண்ணிட்டு, திருப்பித் தரும் எண்ணமே இல்லாமல் இன்னும் நாலு லோடு களிமண் கடனுக்கு இறக்கினால் கதை வேற. கம்பெனி கலைக்கப்படும்போது அது மோசடித் தொழில் என்று நிரூபணமானால், தெரிந்தே அதில் பங்கெடுத்தவர்களை வரம்பில்லாமல் தனிப்பட்ட முறையில் கட்டச் சொல்லலாம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 339-ஆம் பிரிவு அதுக்குத்தான்.

இன்னொண்ணு, நம்ம வயசுக்காரங்க மாட்டுற இடம். ரூம்மேட் அமெரிக்கா கிளம்புறார், தன் பங்கையும் உங்க பேருக்கே எழுதிக் கொடுத்துட்டார். பிரைவேட் லிமிடெட்டுக்குக் குறைந்தது இரண்டு உறுப்பினர் வேணும். ஒரே ஆளாக ஆறு மாசத்துக்கு மேல் ஓட்டினால், அந்த ஆறு மாசத்துக்கு அப்புறம் கம்பெனி வாங்கும் கடனுக்கு, விஷயம் தெரிந்த நீங்க நேரடியாகப் பொறுப்பு. இது 3ஏ பிரிவு. இங்கே மோசடியே தேவையில்லை, எண்ணிக்கை குறைந்தாலே போதும்.

பாங்க் லோனுக்கு இந்தச் சட்டம் எதையும் பாங்க் மேனேஜர் நம்பி உட்கார மாட்டார். ஃபைலோடு ஒரு தனிநபர் ஜாமீன் பத்திரம் நீட்டுவார். அதில் கையெழுத்துப் போட்டால் அந்தக் கடன் அளவுக்குத் திரையை நீங்களே விலக்கிட்டீங்கன்னு அர்த்தம். கையெழுத்துக்கு முன்னாடி, உங்க பெயருக்குக் கீழே "இயக்குநர்" என்று இருக்கா, "ஜாமீன்தாரர்" என்று இருக்கான்னு பாருங்க.