கட்டணம் கட்டியவருக்கு ஒரு கடிதம்

கல்லூரிக் கட்டணம் கட்டி உதவியவருக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொன்னால், நம் பிள்ளைகளில் பலர் ஒரே கடிதத்தைத்தான் எழுதுகிறார்கள். 'கடவுள்போல் வந்து கைகொடுத்தீர்கள்', 'என்றென்றும் கடமைப்பட்டிருப்பேன்', 'நீங்களும் உங்கள் குடும்பமும் நீடூழி வாழ வேண்டும்'. மாதிரிக் கடிதம் ஒன்றைக் கையில் கொடுத்து, பெயரையும் ஊரையும் மட்டும் மாற்றி எழுதி வாங்கிக்கொள்கிற இடங்களும் உண்டு. சொற்களில் பொய் இல்லை, நன்றியும் உண்மையானதுதான். ஆனால் அப்படி இருபது கடிதங்களைச் சேர்த்துப் படித்தால், எழுதிய பிள்ளை என்ன படிக்கிறது, எப்படிப் படிக்கிறது என்பது ஒன்றில்கூடத் தெரியாது. பணம் கொடுத்தவர் தெரிந்துகொள்ள ஆசைப்படுவது அதைத்தான்.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். அப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குகிறார். எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளி, அதற்குமேல் செலவு தாங்காமல் அரசுப் பள்ளி. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்குத் தகுதி உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கும். இவளுக்கு அந்த வழி இல்லை. பொதுக் கலந்தாய்வில் சுயநிதிக் கல்லூரி ஒன்றில் பி.இ. எலெக்ட்ரிக்கல் கிடைத்தது. ஆண்டுக் கல்விக் கட்டணம் 55,000 ரூபாய். வீட்டில் யாரும் பட்டம் பெற்றதில்லை என்பதால் முதல் பட்டதாரிச் சலுகையில் 25,000 கழிந்தது. மீதி 30,000. முதலாண்டில் அந்தத் தொகையை வட்டிக்கு வாங்கி, தவணை தவணையாகக் கட்டினார்கள். இரண்டாம் ஆண்டில் ஓர் அறக்கட்டளை வழியாக, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அந்த 30,000 ரூபாயை ஏற்றுக்கொண்டார்.

இவள் எப்போது எழுத வேண்டும்? பணம் கட்டியதும் 'கிடைத்தது, நன்றி' என்று நாலு வரி போதும். சொல்ல விஷயம் சேர்ந்திருப்பது நவம்பர்–டிசம்பர் தேர்வின் முடிவு வந்த பிறகுதான். அப்போது எழுதும் கடிதம் இப்படி இருக்கலாம்:

"மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டுக்கு நீங்கள் கொடுத்த 30,000 ரூபாய் ஆகஸ்ட் மாதமே கல்லூரிக்கு வந்து சேர்ந்தது. போன வருடம் ஃபீஸ் பாக்கி என்று வகுப்பிலிருந்து என்னை ஆபீஸுக்குக் கூப்பிடுவார்கள். இந்த வருடம் ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. ஹால் டிக்கெட்டும் எல்லாரோடும் சேர்த்தே கொடுத்தார்கள்.

இந்த செமஸ்டரில் எனக்கு ரொம்பப் பிடித்தது மெஷின்ஸ் லேப். டி.சி. ஷண்ட் மோட்டாரில் லோடு டெஸ்ட் செய்தோம். பெல்ட்டை இறுக்க இறுக்க பிரேக் டிரம் சூடாகிவிடும், அதனால் உள்ளே தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் குழுவில் அந்த வேலை என்னுடையது. லோடு எவ்வளவு ஏறினாலும் மோட்டாரின் வேகம் கொஞ்சம்தான் குறைந்தது. புத்தகத்தில் படித்ததை எங்கள் ரீடிங்கிலேயே பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது. அப்பா வேலை செய்யும் ஆலையில் ஓடுவது த்ரீ ஃபேஸ் இண்டக்ஷன் மோட்டார். அடுத்த செமஸ்டரில் அதுதான் பாடம். அதன் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் உள்ளதை அப்பா எழுதிக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறார்.

எலெக்ட்ரோமேக்னடிக் ஃபீல்ட்ஸ் பாடத்தில் அரியர் விழுந்துவிட்டது. கணக்கு புரியாமல் சூத்திரங்களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். ஏப்ரல்–மே தேர்வில் மறுபடி எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் சீனியர் அக்கா ஒருவர் சொல்லிக்கொடுக்கிறார். மற்ற பாடங்கள் எல்லாவற்றிலும் பாஸ்.

அப்பாவும் அம்மாவும் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள். என் நன்றியும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாணவி"

இதில் நன்றி என்ற சொல் கடைசியில்தான் வருகிறது. ஆனாலும் ஆசிரியை தன் பணம் என்ன செய்தது என்பதை முதல் பத்தியிலேயே தெரிந்துகொள்கிறார். பாக்கிக்காக வகுப்பிலிருந்து எழுந்து போவது என்றால் என்ன என்று அந்த அவமானத்தை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அது நின்றுபோனதைச் சொல்லும் ஒரு வரி, பத்துப் புகழ்ச்சிக்கு மேல் பேசும். லேப் பற்றிய பத்தியையும் அப்படித்தான் பார்க்கிறேன். மின்பொறியியல் தெரியாதவருக்கும் டிரம்முக்குள் தண்ணீர் ஊற்றும் பெண் கண்ணுக்குத் தெரிவாள். அவள் பாடத்தைப் புரிந்துதான் படிக்கிறாள் என்பதும் தெரியும்.

அரியர் பத்தியை எழுதத்தான் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். சொன்னால் அடுத்த ஆண்டுப் பணம் நின்றுவிடுமோ என்ற பயம். அது வீண்பயம் என்று சொல்லிவிட முடியாது. எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி இருந்தால்தான் தொடர்வோம் என்று நிபந்தனை வைக்கும் அமைப்புகள் உண்டு. ஆனால் மதிப்பெண் பட்டியலின் நகல் எப்படியும் அறக்கட்டளைக்குப் போகும். அதில் தெரிகிற அரியர் கடிதத்தில் இல்லையென்றால், அதன் பிறகு அந்தப் பிள்ளை எழுதும் நல்ல செய்தியையும் நம்பத் தயங்குவார்கள். சொல்கிற விதம்தான் முக்கியம்: எந்தப் பாடம், ஏன் போனது, மீண்டும் எப்போது எழுதுகிறாள், அதற்கு இப்போது என்ன செய்கிறாள். இந்த நான்கும் இருந்தால் போதும். 'உங்கள் நம்பிக்கையைக் கெடுத்துவிட்டேன், மன்னியுங்கள்' என்று மன்றாடத் தேவையில்லை. பொறியியல் படிப்பில் அரியர் விழுவது அபூர்வமான குற்றம் ஒன்றும் இல்லை.

வீட்டுக் கஷ்டத்தை மறுபடி விவரிக்கவும் வேண்டாம். அதை விண்ணப்பத்தில் ஒருமுறை எழுதியாயிற்று, வருமானச் சான்றும் கொடுத்தாயிற்று. ஒவ்வொரு கடிதத்திலும் ஒழுகும் கூரையைக் காட்டச் சொல்வது அந்தப் பிள்ளையைச் சிறுமைப்படுத்துவது. அப்படிக் கேட்கும் அமைப்புகளைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. இந்தக் கடிதத்தில் அப்பா தகட்டுக் குறிப்பை எழுதி வருபவராக வருகிறார். அப்படியே வரட்டும்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. நன்றி சொல்லிவிட்டு, கடைசி வரியில் லேப்டாப் கேட்பது. தேவை உண்மையாகவே இருக்கலாம். அதை அறக்கட்டளைக்குத் தனி விண்ணப்பமாக எழுதினால் அவர்களால் பரிசீலிக்க முடியும். நன்றிக் கடிதத்தில் சேர்த்தால், முன்பு எழுதிய அத்தனையும் அந்த வேண்டுகோளுக்குப் போட்ட முன்னுரை ஆகிவிடும். படிப்பவருக்கும் மறுக்கச் சங்கடம்.

ஆங்கிலத்தில் எழுதினால்தான் மரியாதை என்று இணையத்திலிருந்து எடுத்து எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். கொடுத்தவர் தமிழ் படிப்பவர் என்றால் தமிழிலேயே, பேப்பரில் ஒரு பக்கம், கையால் எழுதலாம். லோடு டெஸ்ட், அரியர் போன்ற சொற்களை அப்படியே எழுதட்டும்.

அறக்கட்டளைகளுக்கும் இதில் பொறுப்பு இருக்கிறது. கடிதம் அவர்கள் வழியாகவே போய்வருவது நல்லது, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கு. முகவரியும் செல்பேசி எண்ணும் கடிதத்தில் வேண்டாம். கொடுத்தவர் நேரில் பார்க்க விரும்பினால் அறக்கட்டளையைச் சேர்ந்தவர் உடனிருக்க ஏற்பாடு செய்யலாம். மாணவியைக் கேட்காமல் அவளுடைய கடிதத்தைப் படம் பிடித்து விளம்பரத்தில் போடக் கூடாது. கடிதத்தைத் திருத்தவும் வேண்டாம். எழுத்துப்பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கொடுத்தவர் பதில் எழுதினால், அடுத்த கடிதத்தை அவர் கேட்டதிலிருந்து தொடங்கலாம். ஓய்வுபெற்ற அந்த ஆசிரியை நிச்சயம் கேட்பார், ஃபீல்ட்ஸ் தேர்வு என்ன ஆயிற்று என்று. ஏப்ரல்–மே தேர்வின் முடிவு வந்ததும் இவள் முதலில் எழுத வேண்டியது அதைத்தான்.