தாத்தாவுக்குப் பின்னால் 30 பிக்சல்

தாத்தா தன் வீட்டு முற்றத்தில் நிற்கும் பழைய படம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. ஒரு கை இடுப்பில், பத்தடி பின்னால் சுவர். அதை வைத்து, கேமரா மெல்ல நகர்வதுபோல ஐந்து விநாடி வீடியோ செய்தேன். ஹாலிவுட் தயாரிப்பாளர் ராபர்ட் எவன்ஸைப் பற்றி 2002இல் வந்த ஆவணப்படம் பரவலாக்கிய உத்தி இது.

ரயிலில் போகும்போது அருகிலுள்ள கம்பங்கள் விரைந்து ஓடும், தூரத்து மலை மெதுவாக நகரும். அதைப்போலத் தாத்தாவை அதிகமாகவும் சுவரைக் கொஞ்சமாகவும் நகர்த்தினால், படத்துக்கு ஆழம் வந்துவிடும். அதற்கு இருவரையும் பிரிக்க வேண்டும்.

2000 பிக்சல் அகலத்துக்கு ஸ்கேன் செய்து, GIMP என்ற இலவச மென்பொருளில் அவரைச் சுற்றிக் கோடு வரைந்து தேர்வு செய்தேன். அவரைத் தனி லேயராக நகலெடுத்து, பின்னணி ஒளிபுகும்படி PNG கோப்பாகச் சேமித்தேன்.

அடுத்து மூலப்படத்தில் அவர் நின்ற இடத்தை அழித்து, அங்கே சுவரை வரைய வேண்டும். பலரும் இங்கேதான் சோர்ந்துபோகிறார்கள். ஆனால் முழு இடத்தையும் அழகாக வரையத் தேவையில்லை. தாத்தா இடப்பக்கம் 40 பிக்சல் நகர்கிறார், சுவர் 10 பிக்சல். ஆகவே அவருடைய வலப்பக்க ஓரங்களில் வெறும் 30 பிக்சல் பட்டைதான் வெளியே தெரியும். அதை மட்டும் பொறுமையாக வரைந்தால் போதும், மற்றதெல்லாம் அவருக்குப் பின்னால் மறைந்தே இருக்கும். அழிப்பதற்கு முன் Select மெனுவில் Grow கொடுத்து, தேர்வை 8 பிக்சல் பெரிதாக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் சட்டையின் ஓரம் சுவரில் ஒட்டிக்கொண்டு, பேய் நிழல்போல நிற்கும். நிரப்புவதற்கு Clone கருவியே நல்லது. அது பக்கத்துச் சுவரின் பொரிபொரியான தன்மையையும் சேர்த்து எடுத்துவரும். வெறும் நிறத்தைப் பூசினால், மழமழவென்ற திட்டு காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டு லேயர்களையும் Kdenlive மென்பொருளில், 1920 பிக்சல் அகல வீடியோவில், மேலும் கீழுமாக வைத்தேன். ஒவ்வொன்றிலும் Transform விளைவைச் சேர்த்து, தொடக்கத்தில் ஓர் இடம், ஐந்தாம் விநாடியில் ஓர் இடம் என்று குறித்தேன். இடையிலுள்ள நகர்வை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். சுவர்ப் படம் சட்டத்தைவிட 80 பிக்சல் அகலம் என்பதால் ஓரத்தில் கறுப்புக் கோடு எட்டிப்பார்க்கவில்லை.

முதல் முயற்சியில் முழு உருவத்தையும் வைத்திருந்தேன். பாதம் தரையில் வழுக்கிக்கொண்டு போனது. தரை அசையாமல் பாதம் அசைந்தால் கண் நம்பாது. முழங்காலுக்கு மேல் சட்டம் வரும்படி வெட்டியதும் சரியாயிற்று.

அப்போதும் ஏதோ உறுத்தியது. கடைசி ஃபிரேமில் நிறுத்திப் பார்த்தேன். இடுப்பில் வைத்த கைக்கும் உடம்புக்கும் நடுவிலிருந்த முக்கோண இடைவெளியை நான் வெட்டவே இல்லை. அதிலிருந்த சுவர்த் துண்டு, தாத்தாவோடு சேர்ந்து நகர்ந்துகொண்டிருந்தது. அந்த முக்கோணத்தை அழித்ததும், முழங்கைக்கு அப்பால் சுவரின் விரிசல் மெல்ல ஊர்ந்து வந்தது.