பழுதான ஹார்டு டிஸ்கும் கொட்டேஷன் கேட்கும் கடிதமும்

ஹார்டு டிஸ்க் பழுதானதும் டேட்டா மீட்பு ஆய்வகத்துக்குச் சிறு வணிகர்கள் எழுதும் கடிதங்களில் பல, "டிஸ்க் வேலை செய்யவில்லை, எவ்வளவு ஆகும்?" என்பதோடு முடிந்துவிடுகின்றன. அதற்கு ஆய்வகம் நேர்மையான தொகை எதையும் சொல்ல முடியாது. உள்ளே எந்தப் பாகம் போயிருக்கிறது என்பதே செலவைத் தீர்மானிக்கிறது. டிஸ்கைக் கண்ணால் பார்க்கும் முன் அதை ஊகிக்க இரண்டு தடயங்களே உண்டு: டிஸ்க் எழுப்பும் சத்தம், பழுதாகும்போது நடந்த சம்பவம்.

ஜவுளி மொத்த வியாபாரி ஒருவரின் கணக்குகள் கையடக்க டிஸ்கில் இருப்பதாகக் கொள்வோம். அவர் எழுத வேண்டியது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"1 டிபி அளவுள்ள கையடக்க டிஸ்க். ஓடிக்கொண்டிருந்தபோது மேசையிலிருந்து தரையில் விழுந்தது. மறுபடி இணைத்ததும் சுழலும் சத்தம் வந்தது. பிறகு சீரான இடைவெளியில் டிக், டிக் என்று பலமுறை அடித்துவிட்டுச் சுழற்சி நின்றுவிட்டது. கணினியில் டிஸ்க் தெரியவில்லை. இரண்டு முறை இணைத்துப் பார்த்தோம். அதன்பின் மின்சாரம் கொடுக்கவில்லை. உறையைத் திறக்கவில்லை. மென்பொருள் எதையும் ஓட்டவில்லை. லேபிளின் படத்தை இணைத்துள்ளோம்."

இந்தச் சில வரிகளே பொறியாளருக்கு நிறையச் சொல்கின்றன. சுழல்கிறது என்றால் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது. டிக் என்ற ஓசை, தகட்டைப் படிக்கும் ஹெட் தன் இடத்தை அடையாளம் காண முடியாமல் திரும்பத் திரும்ப முயல்வதைக் காட்டுகிறது. ஓடும்போது விழுந்ததோடு சேர்த்துப் பார்த்தால், ஹெட் சேதம் என்பதே முதல் சந்தேகம். சுழலாமல் மெல்லிய பீப் ஒலி மட்டும் வந்திருந்தால், ஹெட் தகட்டில் ஒட்டிக்கொண்டோ மோட்டார் இறுகியோ இருக்கலாம். சத்தமே இல்லாவிட்டால் மின்னணுப் பலகையைச் சந்தேகிப்பார்கள். 12 வோல்ட் டிஸ்கில் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரைச் செருகினால் நேர்வது பெரும்பாலும் இதுதான். டிஸ்க் கணினியில் தெரிந்து, கோப்புகள் மட்டும் திறக்காமல் உறைந்து நின்றால் திறக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம், செலவும் குறையும்.

ஹெட் சேதம் ஏன் செலவு வைக்கிறது? அதே மாடலில் நல்ல நிலையிலுள்ள இன்னொரு டிஸ்கைத் தேடிப் பிடித்து, தூசியற்ற சூழலில் அதன் ஹெட்டைக் கழற்றி இதில் பொருத்த வேண்டும். மாடல் எண் ஒத்தால் மட்டும் போதாது. தயாரித்த தேதி, தயாரித்த இடம் போன்ற விவரங்களும் நெருங்கி வர வேண்டும். அதனால்தான் லேபிளின் தெளிவான படம் கடிதத்தோடு போக வேண்டும்.

கடிதத்தில் பலரும் மறைப்பது, பழுதுக்குப் பின் தாங்கள் செய்துபார்த்தவற்றை. மறைத்தால் நட்டம் அவர்களுக்கே. சேதமான ஹெட்டோடு டிஸ்க் சுழலும் ஒவ்வொரு முறையும் தகட்டின் காந்தப் பூச்சு சுரண்டப்படலாம்; சுரண்டப்பட்ட இடத்திலிருந்த தகவலை எந்த ஆய்வகமும் திரும்பக் கொண்டுவர முடியாது. `chkdsk` கட்டளை டிஸ்கைச் சரிசெய்யும் முறையில் ஓடும்போது டிஸ்கிலேயே எழுதி, கோப்பு அமைப்பையும் மாற்றிவிடும். பக்கத்துக் கடையில் உறையைத் திறந்து பார்த்திருந்தால் அதையும் எழுதத்தான் வேண்டும். அதற்கேற்ப ஆய்வகம் வழிமுறையை மாற்றிக்கொள்ளும்.

அடுத்தது, எது வேண்டும் என்ற பட்டியல். மாற்றிப் பொருத்திய ஹெட் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே "எல்லாம் வேண்டும்" என்பதைவிட, "முதலில் டேலி கணக்குகள் உள்ள ஃபோல்டர், அடுத்து பில்களின் பிடிஎஃப், கடைசியில் துணி டிசைன் படங்கள்" என்று வரிசைப்படுத்தினால், முடிந்தவரை அந்தப் பகுதிகளை முதலில் படித்தெடுப்பார்கள். டிஸ்கில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதைச் சொல்லி, 48 இலக்க மீட்புச் சாவி கைவசம் இருக்கிறதா என்றும் குறிப்பிட வேண்டும். சாவியோ கடவுச்சொல்லோ இல்லாவிட்டால், தகடு முழுவதையும் படித்தெடுத்தாலும் கணக்கு கிடைக்காது.

கொட்டேஷன் கேட்கும் பகுதியில் கேள்விகள் நேரடியாக இருப்பது நல்லது. பரிசோதனைக் கட்டணம் உண்டா? மாற்று டிஸ்கின் விலை தொகையில் அடங்குமா, தனியா? ஒன்றும் கிடைக்காவிட்டால் எவ்வளவு கட்ட வேண்டும்? பாதிதான் கிடைத்தால் எவ்வளவு? பணம் கட்டும் முன் மீட்ட கோப்புகளின் பட்டியலைக் காட்டுவார்களா? ஜிஎஸ்டி சேர்ந்த தொகையா? வாடிக்கையாளர் விவரங்கள் கொண்ட நகலை எப்போது அழிப்பார்கள்?

இதற்கு நல்ல ஆய்வகம் அனுப்பும் பதிலில் ஒற்றைத் தொகை இருக்காது. குறைந்தபட்சம், அதிகபட்சம் என்ற வரம்பு இருக்கும், பரிசோதனைக்குப் பிறகே இறுதித் தொகை என்ற நிபந்தனையும் இருக்கும். டிஸ்கைப் பார்க்காமலே நூறு சதவீதம் மீட்டுத் தருவதாகச் சொல்பவர்களிடம் அதை ஒப்படைக்காமல் இருப்பதே மேல்.

ஒப்புக்கொண்டபின் டிஸ்கை நிலைமின் தடுப்பு உறையில் இட்டு, சுற்றிலும் தடிமனான நுரை வைத்து, பெட்டிக்குள் ஆடாதபடி அனுப்ப வேண்டும். கையடக்க டிஸ்கானால் வெளிக்கூட்டைக் கழற்றாமல் முழுதாக அனுப்புவதே சரி. சில மாடல்களில் தகவலைப் பூட்டித் திறக்கும் சிப் அந்தக் கூட்டுக்குள் இருக்கும் பலகையில்தான் உள்ளது.