முன்பு தந்த பதில்தான் பிடி

வாரியக் குடியிருப்பு ஒன்றின் மேல்தளக் கழிவறைக் குழாய் கசிகிறது என்று வைத்துக்கொள்வோம். கீழ்வீட்டுக் கூரையில் முதலில் ஈரத் திட்டு தெரியும். பிறகு கம்பி ஓடும் திசையிலேயே நீளமாக விரிசல் விழும். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்புவதற்கு அதுவே அடையாளம். அதற்குமேல் பூச்சு வேலை தாங்காது. கான்கிரீட்டை உடைத்துத் துருவை நீக்கியாக வேண்டும்.

குடியிருப்போர் சங்கம் புதிதாகப் புகார் எழுதினால் கோப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே கடிதத்தின் ‘பார்வை’ப் பகுதியில் பழைய மனுவின் நாள், தபால் பிரிவு முத்திரை எண், வாரியம் அனுப்பிய பதிலின் எண் மூன்றும் வரட்டும். “மதிப்பீடு தயாரிக்கப்படுகிறது” என்று வாரியமே எழுதியிருந்தால் அந்த வரியை அப்படியே எடுத்துக்காட்டுங்கள். பழுதை ஒப்புக்கொண்டாயிற்று; இனி கேட்க வேண்டியது அந்த மதிப்பீடு எந்த அதிகாரியிடம், எந்த நாளிலிருந்து இருக்கிறது என்பதுதான். விரிசலின் படத்தைத் தேதியோடு இணைத்து, நிர்வாகப் பொறியாளருக்கு ஒப்புகை பெறும் வசதியோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.

பதில் வராவிட்டால் இதே கேள்வியை 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். பொதுத் தகவல் அலுவலர் 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தச் சட்டம் கோப்பின் நிலையைச் சொல்ல வைக்கும். பழுதைச் சரிசெய்ய உத்தரவிடாது.