குழி தோண்டிவிட்டால் போதுமா?

2003-ல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, சென்னையில் பல குடியிருப்புகள் அவசரமாக மூன்றடிக் குழி தோண்டி, ஜல்லியைக் கொட்டி, மேலே பலகை மூடின. அவற்றில் பல இன்று மண்ணடைத்துக் கிடக்கின்றன. புதிதாகத் திட்டம் போடும் சங்கங்கள் முதலில் பார்க்க வேண்டியது கொள்ளளவை.

24 வீடுகள், 500 சதுர மீட்டர் மொட்டை மாடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். ஐப்பசியில் ஒரே மழையில் 50 மி.மீ. கொட்டினால் 25,000 லிட்டர். சேதாரம் போகச் சுமார் 21,000 லிட்டர் குழாயில் இறங்கும். நான்கடி விட்டம், பதினைந்தடி ஆழமுள்ள உறைக்கிணறு ஏறக்குறைய 5,300 லிட்டர் பிடிக்கும். அதை ஜல்லியால் நிரப்பினால் இடுக்குகளில் பாதிக்கும் குறைவாகவே தண்ணீர் நிற்கும். அடைத்தால் சுத்தம் செய்யவும் முடியாது. ஆகவே கிணறு காலியாக இருக்கட்டும். ஜல்லி, மணல் வடிகட்டியைக் கிணற்றுக்கு முன்னால் தனித் தொட்டியில் வையுங்கள்.

திருவான்மியூர் போன்ற மணற்பாங்கான இடத்தில் தண்ணீர் கீழே போய்க்கொண்டே இருக்கும். களிமண் என்றால் களியைத் தாண்டி மணல் படுகை வரை தோண்ட வேண்டும். இரண்டு கிணறுகளுக்கு 70,000, வடிகட்டித் தொட்டி, குழாய் வேலைக்கு 50,000 என்று தோராயமாக வைத்தால் மொத்தம் 1,20,000 ரூபாய், வீட்டுக்கு 5,000. மண்ணைப் பொறுத்து ஆழமும் தொகையும் மாறும் என்பதால், இரண்டு மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் விலை கேட்டுவிட்டுத் தீர்மானம் போடலாம். கார் ஏறும் இடத்தில் மூடிக்குக் கனமான ஸ்லாப் தேவை. அதில் கஞ்சத்தனம் வேண்டாம். கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிணறு கூடவே கூடாது.

பெரும்பாலான திட்டங்கள் தோற்பது இதற்குப் பிறகுதான். பொதுக்குழுவில் கட்டும் செலவை மட்டும் பேசிக் கைதட்டிவிட்டுக் கலைகிறார்கள். யார் எதைச் செய்வது என்று பெயர் போட்டு எழுத வேண்டும். செப்டம்பர் கடைசிக்குள் மாடியைப் பெருக்குவதும் சல்லடையில் சேர்ந்த சருகை எடுப்பதும் காவலாளியின் வேலை. வடிகட்டி மணலை அலசி, கிணற்றடியில் படிந்த வண்டலைத் தூர் வார ஆள் கொண்டுவருவது செயலாளர் பொறுப்பு. காற்றில்லாத கிணற்றில் தனியாள் இறங்கக் கூடாது. முதல் மழையை வால்வைத் திறந்து வெளியே விட்டுவிட வேண்டும். மாடியில் படிந்த தூசியும் எச்சமும் அதோடு போகும். இவற்றுக்கு வருடம் 6,000 ரூபாய் ஒதுக்கினால் ஒரு வீட்டுக்கு மாதம் 21 ரூபாய்தான் வருகிறது.

வேலை செய்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. மழை விட்டு இரண்டு நாளாகியும் கிணற்றில் தண்ணீர் இறங்காமல் நின்றால், பெரும்பாலும் அடியில் வண்டல் படிந்திருக்கும். கொசு பெருகும் முன் தூர் வாரச் சொல்லுங்கள். அடுத்த பொதுக்குழுவில் கட்டுமானத் தொகையோடு பராமரிப்புத் தொகையையும் ஒரே தீர்மானமாக நிறைவேற்றுங்கள்.